ஒன்பது அங்குல மல்லி

மனைவியின் தம்பி நர்சரி வைத்திருக்கிறான். கூரியரில் செடி அனுப்பத் தொடங்கியதும், "அத்தான், நீங்கதான் பத்திரிகையில எழுதுறீங்களே, குண்டுமல்லிக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றான். அவனே ஒரு மாதிரியும் வைத்திருந்தான்: "உயரம் 15 அங்குலம். எங்கும் வளரும். பூத்துக் குலுங்கும்." ஒரு குறையும் இல்லாத வரனைப் படிப்பது போலச் சந்தேகம் வந்தது.

டேப்போடு போனேன். 15 அங்குலம் பொய்யில்லை, தரையிலிருந்து அளந்தால். தொட்டி மட்டும் 6 அங்குலம்.

"மாப்பிள்ளையை ஸ்டூல் மேல நிக்க வச்சு அளப்பியாடா?"

"ஸ்டூலையும் சேர்த்துத்தானே அனுப்புறோம், அத்தான்!"

ஒரு நிமிடம் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சுதாரித்துக்கொண்டு, "மண்மட்டத்துக்கு மேல் 9 அங்குலம், மூன்று கிளை, தொட்டியின் வாய் 6 அங்குலம்" என்று எழுதினேன். அவன் முகம் 6 அங்குலம் இறங்கியது.

அடுத்து வெளிச்சம். மல்லி நிழலிலும் வளரும்தான். இலை இலையாக வளரும். பூ வேண்டுமென்றால் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படவேண்டும். "எங்க பால்கனி நல்லா வெளிச்சமா இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். விளக்கைப் போட்டுவிட்டுச் சொல்கிறவர்களும் உண்டு. ஆகவே ஒரு சோதனை சேர்த்தேன்: செடி வைக்கும் இடத்தில் கையை நீட்டுங்கள். ஐந்து விரலும் தனித்தனியாக, கறுப்பாக நிழல் விழுந்தால் அது வெயில். எத்தனை மணி நேரம் அப்படி விழுகிறது என்று பாருங்கள். கலங்கலாக விழுந்தால் மல்லியை விட்டு மணிபிளான்ட் வாங்குங்கள். நிழலே விழவில்லையென்றால் அங்கே துணிகூடக் காயாது.

வந்து சேரும் நிலையைத்தான் அவன் எழுதவே விடவில்லை. நாலு நாள் இருட்டுப் பெட்டியில் கிடந்து வரும் செடி என்ன கோலத்தில் இருக்கும்? பாதி இலை மஞ்சளாகிப் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்திருக்கும். மொட்டு எப்படியும் கொட்டிவிடும் என்று நாங்களே கிள்ளிவிட்டுத்தான் அனுப்புகிறோம். வாங்கியவருக்குக் கையில் கிடைப்பது ஏறக்குறைய குச்சி. அதைச் சொல்லாமல் விட்டால் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்.

சண்டை போட்டு எழுதினேன்: "தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள்."

"இதைப் படிச்சா எவன் வாங்குவான்?" என்று புலம்பிக்கொண்டே போட்டான்.

ஒருவர் வாங்கினார். ஐந்தாம் நாள் போன். இலை உதிர்ந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. "சார், 9 அங்குலம்னு போட்டிருக்கீங்க, இங்க ஒன்பதரை இருக்கே?"

இருட்டில் வெளிச்சம் தேடி நீண்ட வெளிறிய துளிர் அது. விளக்கினேன்.

"அது சரி சார். அந்த அரை அங்குலத்துக்குத் தனியா காசு கேட்க மாட்டீங்களே?"