ஆண்டில்லா வரைபடம்

கேள்வி: பழைய தென்னிந்திய வரைபடம் ஒன்று கிடைத்தது. ஆண்டு அச்சாகவில்லை. வயதைக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், பண்ணைக்காடு)

பதில்: அண்டை ஊர்க்காரியான கோடைக்கானல் ஏரியிடமே விசாரிக்கலாம்! 1863இல் அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. படத்தில் இருந்தால், அதற்குப் பிந்தைய வரைபடம். இல்லாவிட்டால் முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. சிறிய அளவுப் படத்தில் ஏரிக்கு இடமிருக்காது, பழைய தகட்டைத் திருத்தாமலே பல ஆண்டுகள் அச்சடிப்பதும் வழக்கம்.

கடற்கரையில் பாம்பனைப் பார்க்க வேண்டும். கடலைத் தாண்டி ரயில் கோடு ஓடினால் 1914க்குப் பிந்தையது.

அடுத்து, தாளை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நெருக்கமான கம்பிக்கோடுகள் தெரிந்தால் பழைய பாணித் தாள். கோடில்லாத வழவழப்புத் தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. படத்தைச் சுற்றிச் செவ்வகமாக அழுந்திய தடம் இருந்தால் செப்புத்தகடு போன்ற உலோகத் தகட்டு அச்சு. கல்லச்சில் அது விழாது.

வண்ணம்தான் அதிகம் ஏமாற்றும். கையால் தீட்டியது எல்லைக்கோட்டைத் தாண்டி வழியும். பழைய செம்புப் பச்சை தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். பின்பக்கம் சுத்தமாக இருந்து முன்பக்கம் பளபளத்தால், விற்பவர் அண்மையில் பூசியிருக்கலாம்.