விசுவாசத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. 25 ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் சைடருக்குப் பாராட்டு விழா. மேலாளர் மைக்கைப் பிடித்தார்: "அண்ணன் நம்ம குடும்பத்துல ஒருத்தர். அந்தக் கைத்திறமை யாருக்கு வரும்!"

என்ன திறமை என்று சொல்லவில்லை; தெரிந்தால்தானே? ரிங் ஃபிரேமில் இழை அறுந்தால் எந்திரத்தை நிறுத்தக் கூடாது. அந்த ஒரு கதிரை மட்டும் முழங்காலால் பிரேக் அழுத்தி நிறுத்தி, பாபினில் நுனியைத் தேடியெடுத்து, டிராவலரில் கோத்து, முன்னுருளையில் வரும் பஞ்சோடு ஒட்டவிட வேண்டும். சில நொடி வேலை. ஒட்டு தடித்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

விசுவாசம் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். கடைசியில் பணிக்கொடையைப் பரிசுபோல அறிவித்தார். அது சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய பணம்: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் என்றால், 25 ஆண்டுக்கு 3,75,000. நிர்வாகம் தன் இஷ்டத்துக்குக் கொடுத்தது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

இப்போது ஆலையில் நிரந்தர ஆள் எடுப்பதில்லை, எல்லாம் ஒப்பந்தம். இனிக் கடிகாரச் செலவும் மிச்சம்.