முத்திரை மயக்கம்: குடும்பப் பத்திரங்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு இரும்புப் பீரோக்களில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடைக்கும் தாள்களை ஆராயப் புகும் எவரும் முதலில் சந்திப்பது ஒரு கோட்பாட்டைத்தான். ஒரு தாளின் வலிமை, அதில் விழுந்த முத்திரைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. வட்ட முத்திரை ஒன்று, நீள்சதுர முத்திரை ஒன்று, பல்சக்கர விளிம்போடு ஒரு சிவப்பு ஒட்டுத்தாள், குறுக்கே பச்சை மையில் ஒரு கையெழுத்து. இந்த நான்கும் கூடிவிட்டால் அதை உச்ச நீதிமன்றமும் அசைக்க முடியாது என்பது பெரியப்பா மரபினர் துணிபு. லேமினேஷன் செய்துவிட்டால் எமனாலும் முடியாது என்பது அம்மரபின் தீவிரக் கிளையினர் கருத்து.

இக்கோட்பாட்டைச் சோதிக்க ஒரு மாதிரிக் குடும்பம் தேவைப்படுகிறது. எந்தத் தெருவிலும் கிடைக்கக்கூடிய ஒன்றையே அமைத்துக்கொள்வோம். இந்து குடும்பம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 2010இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், தம்பி, தங்கை என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பாகம். 2012இல் தம்பிக்கு ஒரு தொகையும் தங்கைக்கு நகையும் கொடுத்து, 'இனி வீடு அண்ணனுக்கே' என்று 100 ரூபாய் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். அம்மாவும் கையெழுத்திட்டார். நீதிமன்ற வாசலில் நோட்டரி வக்கீல் ஒருவர் மேற்சொன்ன நான்கு அலங்காரங்களையும் செய்து கொடுத்தார். அன்று மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டதாகக் கொள்ளலாம். அண்ணன் மாடி எடுத்துக் கட்டினார்.

அந்தத் தாளில் நோட்டரி உண்மையில் செய்தது என்ன? 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலை சிறியது, ஆனால் மரியாதையானது. இன்னார் இந்தத் தேதியில் என் முன்னால் கையெழுத்திட்டார் என்று சான்றளித்துத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வதே அது. வீடு யாருடையது, இந்தத் தாளால் அது கைமாறுமா என்பது அவர் கவலை இல்லை. பெயர் மாற்ற உறுதிமொழிக்கும், தொலைந்த சான்றிதழுக்கான பிரமாணப் பத்திரத்துக்கும் அவர் முத்திரை அழகாகப் போதும். கையெழுத்தே என்னுடையதல்ல என்று தம்பி பின்னாளில் சொன்னால் அந்தச் சான்று அண்ணனுக்கு உதவும். தம்பி அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் இங்கே சிக்கல். கையெழுத்து அசல். பத்திரம்தான் செல்லாதது.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் ஒரு கோடு கிழித்தது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும், மாற்றும், விட்டுக்கொடுக்கும் ஆவணம் எதுவும் பதிவாக வேண்டும். அந்த 100 ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று 100 ரூபாய்க்குக் குறைவான நிலம் வேண்டுமென்றால் பூந்தொட்டியில்தான் தேட வேண்டும். ஆகவே கிரயம், செட்டில்மென்ட், விடுதலை, எழுத்தில் செய்துகொள்ளும் பாகப்பிரிவினை எல்லாம் இந்தக் கோட்டுக்குள் வந்துவிடுகின்றன. தானம் என்றால் மதிப்பே பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தமும், வெளிநாட்டில் எழுதப்பட்டது நீங்கலாக அசையாச் சொத்து குறித்த பவர் பத்திரமும் உள்ளே சேர்ந்தன. பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதை 49ஆம் பிரிவு சொல்கிறது: அந்த ஆவணம் சொத்தைத் தொடாது.

சார்பதிவாளரை மட்டும் எல்லாம் அறிந்தவராக எண்ணிவிடக் கூடாது. எழுதிக் கொடுப்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு விதி 55ஏ(1)ஐ ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அவர் செய்வது ஊரறியச் செய்யும் வேலை. பதிந்தது முதலாம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்றில் தெரியும், பின்னால் வாங்க வருபவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. நோட்டரியின் பதிவேட்டைப் பார்த்து வீடு வாங்குவார் எவருமில்லை. நம் அண்ணனின் வீட்டுக்கு 2024இல் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 2012இல் எதுவுமே நடக்கவில்லை.

இங்கே பெரியப்பா மரபினர் ஒரு வலுவான மறுப்பை எழுப்புவர்: "எங்க தாத்தா காலத்துக் கூர்சீட்டு பதியவே இல்லையே, இன்னிக்கும் செல்லுதே!" செல்லும்தான். குடும்பத்தார் வாய்மொழியாகவே பாகம் பிரித்துக்கொள்ளலாம். பிரித்து முடித்த பிறகு, 'இன்ன நாளில் இப்படிப் பிரித்துக்கொண்டோம்' என்று நினைவுக்காக எழுதிவைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை என்பதை 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 'இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறோம்' என்று தாளே வேலையைச் செய்யத் தொடங்கினால் அது பதிவுக்குரிய பத்திரமாகிவிடும். தாத்தா நடந்ததை எழுதினார். அண்ணன் குடும்பத்தார் எழுதியே நடத்தப் பார்த்தார்கள்.

உயில் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள்தான் கட்டாயம். முத்திரைகள் நிறைந்து, சாட்சிகள் இல்லாத நோட்டரி உயில் ஒன்று கிடைத்தால் அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். தத்துப் பத்திரத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. ஆனால் கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்டுப் பதிந்திருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நகையும் ரொக்கமும் பங்கிட்ட தாள் அசையாச் சொத்தைப் பற்றியதல்ல, விட்டுவிடலாம்.

மாதிரிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். 2019இல் அம்மா காலமானார், உயில் இல்லை. 2024இல் அண்ணன் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியின் வக்கீல் அந்தப் பளபளக்கும் தாளைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் கால் பாகம் இப்போது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கிவிட்டது. முழு வீடும் தன்னுடையது என்று பன்னிரண்டு வருடம் நம்பியிருந்த அண்ணனுக்குச் சட்டப்படி மூன்றில் ஒரு பாகம். மாடியும் அந்தக் கணக்கில் சிக்கும்.

பழைய தாளையே இப்போது பதிந்துவிடலாமே என்றால், எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைத்திருக்கும். அதுவும் 2013க்குள் முடிந்த கதை. நீதிமன்றத்தில் அதைக் காட்டி, வீடு என் அனுபவத்தில்தான் இருந்தது என்று துணைக் காரணத்துக்காக மட்டும் சொல்லலாம். அதற்கும் 100 ரூபாய்த் தாளில் குறைந்துபோன முத்திரைத் தீர்வையையும் அதன் மேல் அபராதத்தையும் முதலில் கட்ட வேண்டும்.

மிஞ்சியிருக்கும் வழி, தம்பியும் தங்கையும் புதிதாக விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுப்பது. குடும்பத்தாருக்கு இடையிலான விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%. 2023 ஜூலையில் உயர்த்தியபின் தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 என்பது உச்சவரம்பு. அதற்கு முன் 25,000, 4,000. 2012இல் மிச்சம் பிடித்ததாக எண்ணியது இந்த வகைச் செலவைத்தான்.

தம்பி கையெழுத்திட வருகிறேன் என்றார். தங்கையின் கணவரோ இந்த இடைக்காலத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை இணையத்தில் பார்த்துவிட்டார்.