குர்லாவில் முதல் சுற்று

செம்பூர்ப் பையனுக்கு போரிவலியிலிருந்து நேர்காணல் அழைப்பு. ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கே மாறி தாதர், பாலம் ஏறி இறங்கி வெஸ்டர்ன் வண்டி. காலை எட்டரைக்குக் குர்லாவில் தாதர் பக்கம் போகும் வண்டியில் ஏறுவதே முதல் சுற்றுத் தேர்வு. தேறினால் சட்டைப் பொத்தான் மிஞ்சாது.

தேதி குறிக்கும் முன்பே பணிவாக எழுதினான்: "அழைப்புக்கு நன்றி. தினமும் இவ்வளவு தூரம் இயலாது என்பதால் வரவில்லை. தாராவியை ஒட்டிய பாந்த்ரா-குர்லா வளாகத்தில் கிளை உண்டா? அல்லது ஹைபிரிட் முறை?"

பதில் வந்தது: "இரண்டும் உண்டு. அந்தக் கிளையில் முதலாளி மட்டும் உட்காருவார். ஹைபிரிட் என்றால் ஆறு நாள் அலுவலகம், ஞாயிறு வீட்டிலிருந்து."

ஆகவே இப்படி மறுப்புக் கடிதம் எழுதுகிறவர்களே, வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கிளை என்று எண்ணும் பெயருமாகக் கேளுங்கள்.