அம்புக்குறி போடும் வகுத்தல் கணக்கு

கே: மூன்றாவது கியரில் ஐம்பதைத் தொட்டதும் '4' என்று மேல் அம்பு காட்டுகிறது என் கார். கியர் பாக்ஸில் அதற்கு சென்சாரே இல்லை என்கிறார் மெக்கானிக். நான் மூன்றில் இருப்பதை யார் போய்ச் சொன்னது?

ப: நீங்களேதான், ஓட்டியே சொல்லிவிட்டீர்கள்! பெரும்பாலான மேனுவல் கார்களில் நியூட்ரல், ரிவர்ஸ் இரண்டுக்கும்தான் சுவிட்ச் உண்டு. மற்றதை இன்ஜின் சுற்றை வண்டியின் வேகத்தால் வகுத்துக் கண்டுபிடிக்கிறது கம்ப்யூட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றில் 50 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,450 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 49, அது மூன்றாவது கியர். நான்குக்கு 36, ஐந்துக்கு 28 என ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண். பாதி கிளட்ச்சில் ஓட்டினால் ஈவு எதனோடும் பொருந்தாது.

கே: அது சரி, நான்கு போதும் என்று எப்படி முடிவெடுக்கிறது?

ப: நான்கில் போட்டால் சுற்று 1,800 ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறது. சமதளத்தில் 50-இல் போக ஏறக்குறைய 6 குதிரைத்திறன் போதும். அதற்கு 1,800 சுற்றில் 24 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். இன்ஜினால் 95 வரை தர முடியும். கையிருப்பு தாராளம், அம்பு எரிகிறது. சுற்று குறைந்தால் உராய்வு குறையும். த்ராட்டில் அதிகம் திறப்பதால் காற்றை உறிஞ்ச இன்ஜின் படும் பாடும் குறையும். பெட்ரோல் மிச்சமாவது இங்கேதான்.

இப்போது நான்கு பேரை ஏற்றி, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் அதே 50-இல் ஏறுங்கள். தேவை 25 குதிரைத்திறன். நான்காவது கியரில் அதற்கு 99 நியூட்டன் மீட்டர் வேண்டும், இருப்பதோ 95. மூன்றில் 73 போதும். மேட்டை அந்த கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவையும் இன்ஜினுக்குள் போகும் காற்றையும் வைத்துச் சுமையை ஊகித்து அம்பை அணைக்கிறது.

கே: காலையில் முதல் சில நிமிடங்கள் அம்பு தாமதமாக வருகிறதே, பழுதா?

ப: இல்லை. கூலன்ட் சூடாகும்வரை பல கார்கள் அப்படித்தான் காத்திருக்கும்.

கே: மலையிறக்கத்தில் இரண்டாவது கியரில் வருகிறேன். 'மூன்றுக்குப் போ' என்கிறது. போகட்டுமா?

ப: வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாததால் இன்ஜினுக்குச் சுமை இல்லை என்று சில கார்கள் மேல் கியரைப் பரிந்துரைக்கும். உங்களுக்கு இன்ஜின் பிரேக்கிங் தேவை என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மைலேஜ் காட்டும் திரையைப் பாருங்கள்: முள் உச்சியில் நிற்கும். கியரில் இருந்தபடி காலை எடுத்ததும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுவதே காரணம். இரண்டில் செலவே இல்லாதபோது மூன்றில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. பிரேக்தான் கூடுதலாகச் சூடாகும்.