டர்ன்ஓவர் 50 கோடி!

பங்குத் தரகு டீலர்களின் பயோடேட்டாவில் ‘தினசரி டர்ன்ஓவர் 50 கோடி’ என்றிருந்தால் மலைத்துவிடாதீர்கள். நிஃப்டி 25,000 ஆப்ஷன், லாட்டுக்கு 75 என்று வையுங்கள். பிரீமியம் 10 ரூபாய் என்றால் வாடிக்கையாளர் கொடுப்பது 750 ரூபாய். பயோடேட்டாவில் ஏறுவதோ 18.75 லட்சம். அந்தக் கணக்கில் 50 கோடியை உரித்தால் மிஞ்சுவது 2 லட்சம்!

என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ் இருக்கிறது, சரி. ‘என்மேல் புகாரே இல்லை’யாம். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவாவது நிறுவனத்தின் பேரில்தானே, ஐயா!

வாடிக்கையாளரின் லாப நஷ்டத்துக்கு மட்டும் பயோடேட்டாவில் இடமே கிடையாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபியே சொல்லியிருக்கிறது. ஆளெடுப்பவர்களே, பிரீமியம் டர்ன்ஓவர் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.