ஏழு பெயர், ஒரு வயிறு

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தெரு எதை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு செம்பட்டை நாய் உண்டு. வீட்டுக்கு வீடு அதற்குப் பெயரும் உண்டு. முதல் வீட்டுக்காரர் வெலிங்டன் ராணுவ முகாமில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதை ‘மேஜர்’ என்று அழைக்கிறார். மேஜரை உட்கார், எழுந்திரு என்று ஏவுவதற்குப் பணிக்காலத்தில் கிடைக்காத வாய்ப்பு இப்போது காலைக் காபி வேளையில் கிடைக்கிறது. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு அது ‘பப்பி’. அந்தப் பப்பி நான்கு ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பேக்கரி சேட்டனுக்குக் ‘குட்டன்’. எஸ்டேட் கணக்கரின் தாயாருக்கு ‘மணி’. அந்த வீட்டில் மணி என்பது பெயரல்ல, பதவி. முன்பிருந்தவர் காலமானதும் இவர் நியமிக்கப்பட்டார். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்த தாத்தா, கண்டியில் விட்டுவிட்டு வந்த நாயின் பெயரால் இதை ‘ஜிம்மி’ என்கிறார். தேய்பிறை அஷ்டமி தவறாத ஆசிரியர் வீட்டில் ‘பைரவன்’; கிடைப்பது தயிர்சாதம். ஹோம்ஸ்டே வாசலில் சனி, ஞாயிறு மட்டும் ‘லக்கி’. அங்கே கிரீம் பிஸ்கட்.

இந்தப் பட்டியல் நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யார் எதற்கு ஏங்குகிறார்கள், யாரை இழந்திருக்கிறார்கள், எந்தச் சாமிக்குப் பயப்படுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஏழு குரலுக்கும் ஒரே வாலை ஆட்டுவதால் நாயைச் சந்தர்ப்பவாதி என்று ஏசுகிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டுக்காரராகவும் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டுக்காரராகவும் பந்தியில் உட்காரும் பெரியவரைப் போல என்று அவர்கள் நினைக்கிறார்கள். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தப் பழியை ஆதரிக்கவில்லை. 2017-இல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரிடமே நாய்கள் நெருங்கின. 2020-இல் வெளியான இன்னொன்றில், பழக்கப்படுத்தப்படாத தெரு நாய்களும் மனிதர் கை காட்டிய திசையைப் புரிந்துகொண்டு போயின. அழைப்பவரின் முகத்தையும் கையையும் படிக்கத் தெரிந்த பிராணிக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன? ஏமாற்று ஏதும் நடக்கிறதென்றால், அது நம் பக்கம்தான்.

எப்படியென்றால், பெயர் வைத்ததாலேயே நாய் நம்முடையதாகிவிட்டது என்று நினைக்கிறோம். பகலில் இந்த நினைப்புக்கு எந்தச் சோதனையும் வருவதில்லை. இரவில் வருகிறது. நீலகிரியில் மார்கழிக் குளிர் புல்லை வெள்ளையாக்கும். இருட்டியதும் சிறுத்தை தேயிலைக் காட்டிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வரும். அதற்கு மிக எளிதாகக் கிடைக்கும் இரைகளில் ஒன்று நாய். வாசலில் படுத்திருந்த நாயைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்காணிப்புக் கேமராவில் பார்ப்பது மலையில் புதுமையில்லை. ஆனால் எட்டு மணிக்கு ஏழு கதவும் சாத்தப்படும். மேஜர் பேக்கரியில் படுத்திருக்கும் என்று சுபேதார் நம்புகிறார். குட்டன் மேஜராக இருக்கும் வீட்டிலேயே தூங்கும் என்று சேட்டன் நம்புகிறார். ஒருநாள் அது காணாமல் போனாலும் தேட ஒரு வாரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் ஆறு வீடு மிச்சமிருக்கிறது.

இதைவிடக் கடுமையான சோதனை கடிக்கிற நாள். எரிவாயு உருளை கொண்டுவரும் ஆளை மேஜர் கெண்டைக்காலில் பதம் பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடமே தெருவில் மேஜரும் இல்லை, பைரவனும் இல்லை, “அது தெரு நாய்ங்க.” ஏழு பெயரும் ஒரே கணத்தில் உதிர்ந்துவிடும். கடிபட்டவர் செய்ய வேண்டியது தெளிவு: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்கி, பிந்தைய தவணைகளையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும், ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும். ஊசியைத் தள்ளிப்போடாமலே நாயையும் பத்து நாள் கவனிக்க வேண்டும். ரேபிஸ் கிருமி எச்சிலில் இறங்கிய நாய் அதற்குள் நோயைக் காட்டிவிடும், பெரும்பாலும் செத்தும்விடும். பத்தாம் நாளும் நன்றாக ஓடித் திரிந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அந்தப் பத்து நாளும் நாயைக் கண்ணில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஏழு பெயரிட்டவர்களில் அவர் யார்?

இது நடக்கிற ஊர் குன்னூர் என்பதுதான் வேடிக்கை. 1907-இல் இங்கே பாஸ்டியர் நிறுவனம் திறக்கும்வரை, தெற்கில் நாய்க்கடி பட்டவர் இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. தென்னிந்தியா முழுமைக்கும் நாய்க்கடி மருந்துக்குப் பெயர்போன ஊரில், நாய்க்கு யார் ஊசி போட்டது என்று கேட்டால் தெருவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் ஒரு வீடு அதைத் தத்தெடுக்கட்டுமே, இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போகட்டுமே என்று இரு தரப்பார் சொல்வார்கள். தத்தெடுப்பு நல்லதுதான், ஆனால் சங்கிலியில் கட்டிய முதல் வாரமே அது ஊளையிட்டு ஆறு வீட்டையும் அழைக்கும், ஆறு வீடும் வாசலில் வந்து நிற்கும். பிடித்துக்கொண்டு போனால், காலியான இடத்துக்கு ஊசியே காணாத வேறொரு நாய் பக்கத்துச் சரிவிலிருந்து வந்து சேரும். குப்பைத்தொட்டியும் பேக்கரியும் அங்கேயே இருக்கின்றனவே. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்வது இதனால்தான். சோறு போடுவதால்தானே பிரச்சினை என்பது மூன்றாவது கேள்வி, அதில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் சோறு குட்டிகளைப் பெருக்கும். ஆனால் சோற்றுக்குப் பழகிய நாயைத்தான் வலையில்லாமல், துரத்தாமல் பிடித்து ஊசி போட முடியும். மணி என்று கூப்பிட்டால் வருகிற நாய், சுகாதாரப் பணியாளருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி.

ஏழு பெயரின் உண்மையான இடைஞ்சல் கணக்கில் வருகிறது. ஒரு பகுதியில் ரேபிஸ் பரவுவது நிற்க, அங்குள்ள நாய்களில் எழுபது விழுக்காட்டுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வீடு வீடாகக் கேட்டு எழுதினால் இந்தத் தெருவில் ஏழு நாய். ஏழுக்கும் “போட்டாச்சு” என்று பதில் வரும், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று நம்புகிறார். பெருமளவில் ஊசி போடும் குழுவினர் இந்த வாய்வார்த்தையை நம்புவதில்லை. ஊசி போட்ட நாயின் தலையில் சாயம் பூசிவிட்டு, பிறகு தெருவில் நடந்து, சாயமுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணுகிறார்கள். கருத்தடை ஆன நாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது மாறாது. சாயம் அழிந்துவிடும், ஊசியின் காவலும் குறையும், அதனால் ஆண்டுதோறும் போட வேண்டும், போட்டதை அட்டையில் எழுத வேண்டும்.

ஆகவே பெயரை மாற்ற வேண்டாம்; சுபேதார் மேஜரை ஏவட்டும், தாத்தா ஜிம்மியோடு கண்டியைப் பேசட்டும். மணிக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று மட்டும் அடுத்த வீட்டில் கேளுங்கள். குட்டனுக்குப் போட்டாயிற்று என்று அவர்கள் சொன்னால், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.